சாய்ந்து தெரியும் சுவரில் எழுத்தை உட்காரவைப்பது

பக்கவாட்டில் நின்று எடுத்த சுவர்ப் படத்தில் கணினியில் புதிய எழுத்து வைக்கப்பட்டிருந்தால், பார்ப்பவர்கள் பெரும்பாலும் சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். நிறம் பொருந்தியிருக்கும், எழுத்துருவும் அழகாக இருக்கும், மேல்வரியும் கீழ்வரியும் சுவரோடு சேர்ந்தே சரிந்திருக்கும். ஆனாலும் எழுத்து சுவரில் ஒட்டாமல் மிதக்கும். பெரும்பாலும் கோளாறு வரிகளின் சரிவில் இருப்பதில்லை. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள அகலத்தில் இருக்கிறது.

ஓர் அரிசி மண்டிக்காரர் தன் கடையின் பக்கச் சுவரில் எழுதப்போகும் பெயர் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே பார்க்க விரும்புகிறார் என வைத்துக்கொள்வோம். சுவர் 20 அடி நீளம், 10 அடி உயரம். மஞ்சள் அடித்து, அதன்மேல் சிவப்பில் எழுதிய பழைய விளம்பரம் ஒன்று அதில் இருக்கிறது. அதன் இடத்தில் ‘பொன்னி அரிசி மண்டி’ என்று வரவேண்டும். கையில் இருப்பது தெருவோரமாக நின்று செல்போனில் எடுத்த ஒரே படம். அதில் சுவரின் கிட்ட முனை 1200 பிக்சல் உயரம், எட்ட முனை 600 பிக்சல் உயரம். இரண்டுக்கும் இடையே 1500 பிக்சல் அகலம்.

இந்தச் சுவரின் நட்டநடு, அதாவது பத்தாவது அடி, படத்தில் எங்கே விழும்? 1500-இல் பாதியான 750 என்றுதான் கை போகும். அங்கேதான் வழுக்குகிறது. எட்ட முனை பாதி உயரமாகத் தெரிகிறது என்றால், அது கேமராவிலிருந்து இரண்டு மடங்கு ஆழத்தில் இருக்கிறது என்று பொருள். நடுப்புள்ளி ஒன்றரை மடங்கு ஆழத்தில் இருக்கும். ஆகவே அங்கே சுவரின் உயரம் 1200-ஐ ஒன்றரையால் வகுத்த 800 பிக்சல். சுவரின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் படத்தில் நேர்கோடுகள் என்பதால், உயரம் 1200-இலிருந்து 600-க்குச் சீராகக் குறைந்துகொண்டே போகிறது. அந்தக் குறைவில் 800 வருவது மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், அதாவது 1000-ஆவது பிக்சலில். கிட்டப் பாதிக்கு 1000 பிக்சல் கிடைக்கிறது, எட்டப் பாதிக்கு 500 மட்டுமே.

எழுத்தளவில் இதன் விளைவு இன்னும் தீவிரமானது. எட்ட முனையில் ஓர் எழுத்தின் உயரம் கிட்ட முனையில் இருப்பதில் பாதி. ஆனால் அகலம் கால் பங்குதான். தொலைவு எழுத்தைச் சிறிதாக்குவதோடு நிற்பதில்லை, நெருக்கி ஒல்லியாகவும் ஆக்குகிறது. ‘பொ’ தாராளமாக விரிந்து நிற்க, ‘மண்டி’யின் ‘ண்’ தன் சுழிகளை எல்லாம் ஒரு குறுகிய பட்டைக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும். எழுத்தை Skew கொண்டு வெறுமனே சாய்த்தால் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலமும் ஒரே உயரமும்தான் இருக்கும். மிதப்பது அதனால்தான்.

கணக்குப் போடாமலே சரிபார்க்க ஒரு வழி உண்டு. படத்தில் சுவரின் நான்கு மூலைகளையும் குறுக்காக இணைத்து இரண்டு கோடுகள் போட்டால், அவை வெட்டும் இடமே சுவரின் உண்மையான நடு. நம் படத்தில் அது சரியாக 1000-ஆவது பிக்சலில் வந்து நிற்கும். இதே மூலைவிட்டச் சோதனையை 1435-இல் லியோன் பத்திஸ்தா ஆல்பர்ட்டி ஓவியக்கலை பற்றிய தன் நூலில் எழுதிவைத்தார். கட்டம் போட்ட தரையை வரையும்போது ஒரே நேர்கோடு அடுத்தடுத்த கட்டங்களின் மூலைகள் வழியாகச் சென்றால் வரைந்தது சரி என்றார். ஒவ்வொரு கட்டத்தையும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டே போகும் வழக்கம் அக்கால ஓவியர்களிடம் இருந்தது. அது தவறு என்றும் அவர் கண்டித்தார். ஆறு நூற்றாண்டு ஆகப்போகிறது, சோதனை இன்றும் அப்படியே பயன்படுகிறது.

இந்தக் கணக்கை எல்லாம் தானே போட்டுக்கொள்ளும் கருவியை ஃபோட்டோஷாப் 2005-இல் வந்த சிஎஸ்2 பதிப்பில் சேர்த்தது. Filter மெனுவில் Vanishing Point என்ற பெயரில் அது இருக்கிறது. சுவரின்மேல் நான்கு மூலைகளைச் சொடுக்கினால் பெர்ஸ்பெக்டிவ் கட்டம் ஒன்று விரியும். கட்டம் நீலமாக இருந்தால் கருவி அதை ஏற்றுக்கொண்டது. மஞ்சளோ சிவப்போ ஆனால் அந்த நான்கு புள்ளிகள் ஒரு செவ்வகத்தின் தோற்றமாக ஒத்துவரவில்லை. மூலையைப் பிடித்து நகர்த்த வேண்டும். ஆனால் நீலம் என்பது கணக்கு ஒத்துவருகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. கட்டம் இந்தச் சுவரோடு ஒத்துப்போகிறதா என்பதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு எந்தக் கோட்டை நம்புவது என்பதில்தான் அனுபவம் தெரியும். சுவரின் கீழ்விளிம்பை நம்பக்கூடாது. தெரு மேடாகவோ பள்ளமாகவோ போகும், மண் ஏறியிருக்கும். கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பும் பல இடங்களில் மட்டம் தப்பியிருக்கும். நம்பத்தக்கது பழைய விளம்பரம்தான். அதை எழுதிய ஓவியர் முதலில் நூல் அடித்து மேல்வரியும் கீழ்வரியும் போட்டுக்கொண்டுதான் தூரிகையைத் தொட்டிருப்பார். ஆகவே அழிக்கப்போகிற அந்தச் சிவப்பு எழுத்துகளின் தலையும் அடியும், சுற்றிலும் போட்ட பார்டர் கோடும் இரண்டு நல்ல இணைகோடுகளைத் தருகின்றன. செங்குத்துக்குக் கதவு நிலையோ சுவரின் மூலையோ போதும். பழைய எழுத்தின் அடிவரி முழு நீளத்துக்கும் கட்டத்தின் கோட்டோடு ஒட்டிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். X விசையை அழுத்திப் பிடித்தால் அந்த இடம் பெரிதாகித் தெரியும். இந்தச் சோதனை முடியும்வரை பழைய எழுத்தை அழிக்கக்கூடாது.

இதற்கும் முன்னால் கவனிக்க வேண்டியது லென்ஸின் வளைவு. செல்போனின் அகன்ற கோண லென்ஸில் எடுத்தால் நேரான சுவர் விளிம்பு படத்தின் ஓரத்தில் வில்லாக வளையலாம். கட்டத்தின் கோடுகளோ நேர்கோடுகள். இரு முனையிலும் ஒட்டி, நடுவில் மட்டும் கோடு விலகினால் காரணம் இதுவே. மூலைகளை எவ்வளவு நகர்த்தினாலும் தீராது. வெளியே வந்து Lens Correction-இல் வளைவை நேராக்கிவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

கட்டம் உட்கார்ந்த பிறகு பழைய எழுத்தை அழிக்கும் வேலை. இதே ஜன்னலில் உள்ள Stamp Tool, எடுக்கும் வண்ணத்தைக் கட்டத்துக்கு ஏற்பச் சுருக்கி விரித்து வைக்கிறது. கிட்டே உள்ள பூச்சின் சொரசொரப்பு எட்டப் போகப் போகத் தானே நுணுகிவிடும். முதலில் Heal என்பதை Off-இல் வைத்துச் சிவப்பை மூட வேண்டும். On-இல் வைத்தால் அருகிலுள்ள சிவப்பு மஞ்சளில் கசிந்து அழுக்குக் கறை போலாகும். சிவப்பு முழுதும் மறைந்தபின் வெளிச்ச வேறுபாட்டைச் சமன்செய்ய Luminance உதவும்.

புதிய எழுத்தைத் தனிக் கோப்பில் நேராகத்தான் அமைக்க வேண்டும். சுவர் 20க்கு 10 அடி என்பதால் கோப்பும் 4000க்கு 2000 பிக்சல் என்று அதே விகிதத்தில் இருக்கட்டும். தமிழில் எழுதும்போது ‘பொ’வின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றனவா என்று பார்ப்பது அவசியம், பழைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துக்கான தேர்வைப் போடாவிட்டால் அவை சிதறும். எழுத்துருவையும் எட்ட முனையை மனதில் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே அகலம் கால் பங்காகக் குறைவதால் செங்குத்துக் கோடுகள் கிடைக்கோடுகளைவிட அதிகம் மெலியும். மெல்லிய எழுத்துரு என்றால் ‘ண்’ கலங்கிப்போய், அதன் புள்ளி முழுதாகவே காணாமல் போகும். சற்று அகன்று, சுழிகளுக்குள் வெளி விட்டு வரைந்த எழுத்து தாக்குப்பிடிக்கும்.

முழுவதையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்துக்கொண்டு, சுவர்ப் படத்தில் ஒரு வெற்று லேயரைத் திறந்து, அதில் இருந்தபடியே Vanishing Point-க்குள் போக வேண்டும். இந்த வெற்று லேயரை மறந்தால் எழுத்து சுவர்ப் படத்திலேயே கலந்துவிடும், பிறகு நிறத்தைத் தனியாகத் தொட முடியாது. உள்ளே Ctrl+V அழுத்தினால் எழுத்து முதலில் ஓரமாக நேராக நிற்கும். கட்டத்துக்குள் இழுத்த கணத்தில் அது மடங்கிச் சுவரோடு படியும். அளவை மாற்ற T விசை.

இங்கே ஒரு வரம்பைத் தெரிந்துகொள்வது நல்லது. நான்கு மூலைகளிலிருந்து சுவரின் சரிவு முழுதாகக் கிடைத்துவிடுகிறது. ஆனால் சுவரின் நீளம் உயரத்தைப் போல எத்தனை மடங்கு என்பது உறுதியாகக் கிடைப்பதில்லை. நம் படத்தைப் போல கேமராவை மட்டமாகப் பிடித்து, செங்குத்துக் கோடுகள் இணையாகவே தெரிந்தால், அந்த விகிதத்தை நான்கு புள்ளிகளிலிருந்து மட்டும் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஓரத்தை வெட்டிய படத்திலும் கணிப்பு தவறலாம். விளைவாக எல்லா எழுத்துமே ஒரேயடியாகக் குண்டாகவோ ஒல்லியாகவோ வரும். அதனால்தான் கோப்பை 20க்கு 10 என்று அமைத்தது: அதன் நான்கு ஓரங்களும் சுவரின் நான்கு ஓரங்களில் உட்காரும்வரை T கொண்டு இழுத்தால் விகிதம் தானே சரியாகிவிடும். கோப்பின் பின்னணி வெறுமையாக இருந்தால் ஓரம் பிடிபடாது; ஆகவே நான்கு பக்கமும் மெல்லிய கோடு ஒன்று போட்டுவைத்துப் பின்னர் அழித்துவிடலாம். வேலை முடிந்ததும் ‘அரிசி’யின் நடு எழுத்தான ‘ரி’ மூலைவிட்டங்கள் வெட்டும் இடத்தின் பக்கத்தில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். ஜிம்ப் மென்பொருளின் Perspective கருவியால் செய்பவர்களுக்கும் இதே சோதனை பொருந்தும்.

மிச்சமிருப்பது சாயத்தைச் சுவரில் இறக்குவது. அடர்ந்த நிற எழுத்து என்றால் லேயரை Multiply-இல் வைத்தால் பூச்சின் கறையும் நிழலும் மேலே தெரியும். வெள்ளை எழுத்து Multiply-இல் மறைந்தே போகும் என்பதால், Blending Options-இல் Underlying Layer என்ற பட்டையின் கறுப்பு முக்கோணத்தை Alt அழுத்தி இரண்டாகப் பிரித்து வலப்பக்கம் நகர்த்த வேண்டும். விரிசல்களின் கருமை எழுத்தை ஊடுருவி வரும். சுவருக்கு முன்னால் போகும் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் மாஸ்க் போட்டு எழுத்துக்கு முன்னே கொண்டுவரப்பட வேண்டும்.

உள்ளே ஒட்டியது படமாகிவிட்டது, இனி அதைத் தட்டச்சாகத் திருத்த முடியாது. ஆனால் கோப்பை PSD, TIFF, JPEG ஆகியவற்றில் எதில் சேமித்தாலும் கட்டம் அதோடு தங்கிவிடுகிறது. மண்டிக்காரர் நாளைக்கு வந்து ‘மொத்தம், சில்லறை’ என்று கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னால், நேரான கோப்பில் அந்த வரியை எழுதி, பழைய கட்டத்தைத் திறந்து மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.