லண்டனில் பத்து மணி என்றால் சென்னையில் எத்தனை மணி?

லண்டனில் இருக்கும் ஒருவர் தன் அவுட்லுக் காலண்டரில் ஒரு கூட்டம் போடுகிறார்: 2026 ஜூலை 8, புதன்கிழமை, காலை 10 மணி. சென்னையில் இருப்பவருக்கு அழைப்பு வருகிறது. அவர் வைத்திருப்பது வேறொரு காலண்டர் செயலி. அதில் கூட்டம் மாலை 3:30 என்று பதிவாகிறது. அவரும் 3:30-க்குச் சரியாகப் போய் உட்காருகிறார். கூட்டம் ஒரு மணி நேரத்துக்கு முன்பே, 2:30-க்குத் தொடங்கியிருக்கிறது. லண்டன்காரர் போட்ட நேரம் சரி, சென்னைக்காரரின் கைப்பேசிக் கடிகாரமும் சரி. கோளாறு இரண்டுக்கும் நடுவே பயணித்த ஒரு பெயரில் இருக்கிறது.

காலண்டர் அழைப்பு என்பது மின்னஞ்சலோடு வரும் ஒரு சிறிய எழுத்துக் கோப்பு. அதன் பெயர் .ics என்று முடியும். எந்த நிறுவனத்தின் செயலியாக இருந்தாலும் இதைப் படிக்கவும் எழுதவும் வேண்டும் என்பதற்காக 1998-லேயே ஒரு பொது விதிமுறை வந்துவிட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 2009-இல் வெளியான அதன் திருத்திய வடிவம். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தால் இப்படி ஒரு வரி தென்படும்:

```
DTSTART;TZID=GMT Standard Time:20260708T100000
```

கடைசியில் இருப்பது தேதியும் நேரமும்: 2026 ஜூலை 8, பத்து மணி. நடுவில் TZID என்பதற்குப் பின்னால் வருவது நேர மண்டலத்தின் பெயர். எந்த ஊர்ப் பத்து மணி என்பதைச் சொல்ல அந்த வரியில் வேறு தகவல் கிடையாது.

`GMT Standard Time` என்பது விண்டோஸ் லண்டனுக்கு வைத்திருக்கும் பெயர். கிரீன்விச் நேரம் என்றுதான் யாரும் படிப்பார்கள். ஆனால் பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்து, அக்டோபர் கடைசி ஞாயிறன்று திரும்பப் பின்னால் வைக்கிறார்கள். விண்டோஸின் இந்தப் பெயர் அந்தக் கோடைகால மாற்றத்தையும் சேர்த்தே குறிக்கிறது. கோடைகாலமே இல்லாத ஐஸ்லாந்துக்கு அதே விண்டோஸ் வைத்திருக்கும் பெயர் `Greenwich Standard Time`. குழப்ப வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்திருந்தால்கூட இவ்வளவு நன்றாக அமைந்திருக்காது.

விண்டோஸ் அல்லாத உலகத்தில் பெரும்பாலானோர் வேறொரு பட்டியலைப் பின்பற்றுகிறார்கள். 1980-களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிவைத்த நேர மண்டலத் தரவுத்தளம் அது. அதில் பெயர்கள் கண்டமும் ஊருமாக இருக்கும்: `Europe/London`, `Asia/Kolkata`. ஊர்ப் பெயர் வைத்ததில் ஒரு விவேகம் உண்டு. சுருக்கெழுத்துகளை நம்ப முடியாது. ஐ.எஸ்.டி. என்றால் நமக்கு இந்திய நேரம். அயர்லாந்திலும் இஸ்ரேலிலும் தங்கள் நேரத்தை அதே மூன்று எழுத்துகளால்தான் குறிக்கிறார்கள்.

ஆக லண்டனுக்கு இரண்டு பெயர்கள். ஒரு பட்டியலை மட்டுமே அறிந்த செயலி இன்னொரு பட்டியலின் பெயரைச் சந்திக்கும்போது என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் உதாரணத்தில் சரியான விடை பிற்பகல் 2:30. ஜூலையில் லண்டன் கிரீன்விச்சுக்கு ஒரு மணி நேரம் முன்னால் இருப்பதால், நமக்கும் லண்டனுக்கும் இடைவெளி நாலரை மணி நேரம். பெயரில் GMT இருக்கிறதே என்று அதை வெறும் கிரீன்விச் நேரமாக எடுத்துக்கொள்ளும் செயலி ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி 3:30 என்று காட்டும். தெரியாத பெயர் என்று தூக்கிப் போட்டுவிட்டுப் பத்து மணியை மட்டும் வைத்துக்கொள்ளும் செயலி, சென்னை நேரம் காலை 10 என்று காட்டும். எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை வைத்தே எந்தத் தவறு நடந்தது என்று சொல்லிவிடலாம். ஒரு மணி நேரம் பிசகினால் கோடைகால விதி விட்டுப்போயிருக்கிறது. நாலரை மணி நேரம் பிசகினால் மண்டலமே விட்டுப்போயிருக்கிறது.

முதல் வகைத் தவறு குளிர்காலத்தில் மறைந்துவிடும். 2026 அக்டோபர் 25 முதல் லண்டன் நேரமும் கிரீன்விச் நேரமும் ஒன்றாகிவிடுவதால், தவறாகக் கணக்குப் போடும் செயலிக்கும் சரியான விடையே கிடைக்கும். டிசம்பரில் சோதித்துப் பார்த்துத் திருப்தியடைந்தவர் ஏப்ரலில் மாட்டிக்கொள்வார். இந்தியாவுக்குள் மட்டும் கூட்டம் போடுகிறவர்களுக்கோ இப்படி ஒரு சிக்கல் இருப்பதே தெரியாது. நமக்குக் கோடைகால நேரம் கிடையாது, எல்லோருக்கும் ஒரே மண்டலம். பெயரைத் தொலைத்தாலும் நேரம் தப்பாது.

விதிமுறையை எழுதியவர்கள் இதை எதிர்பார்க்காமல் இல்லை. TZID பெயர் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பெயரின் பொருளை அதே கோப்புக்குள் `VTIMEZONE` என்ற பகுதியில் விளக்கியாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கோடைகாலத்துக்கு அதில் இருக்கும் வரிகளில் சில:

```
BEGIN:DAYLIGHT
TZOFFSETTO:+0100
RRULE:FREQ=YEARLY;BYDAY=-1SU;BYMONTH=3
```

மூன்றாம் மாதத்தின் கடைசி ஞாயிறு முதல் ஒரு மணி நேரம் கூட்டு என்பது இதன் பொருள். இதைப் படிக்கும் செயலிக்குப் பெயர் `GMT Standard Time` என்றிருந்தாலும் குப்புசாமி என்றிருந்தாலும் ஒன்றுதான். ஆனால் பல செயலிகள் இந்தப் பகுதியைத் தாண்டிவிட்டு, பெயரைத் தங்கள் பட்டியலில் தேடுகின்றன. அதற்கும் ஒரு நியாயம் உண்டு. கோப்பில் வரும் விதி, அனுப்பிய நாளில் இருந்த விதி. பிறகு ஓர் அரசு கடிகார மாற்றத்தைக் கைவிட்டால் அது கோப்புக்குத் தெரியாது. பட்டியலைப் புதுப்பித்தால் செயலிக்குத் தெரியும். பெயர் பட்டியலில் இருக்கும்வரை இந்த வழி நல்ல வழிதான். இல்லாதபோது கோப்பில் உள்ள விளக்கத்துக்குத் திரும்பாமல் தானாக ஊகிப்பதுதான் பிழை.

விண்டோஸ் பெயர்களையாவது சமாளித்துவிடலாம். எந்த விண்டோஸ் பெயருக்கு எந்த ஊர் என்ற பொருத்த அட்டவணையை யூனிகோட் கூட்டமைப்பு வெளியிட்டுவருகிறது. அதற்குள்ளும் அடங்காத பெயர்கள் வரும்போதுதான் திண்டாட்டம். திரையில் மனிதர்கள் பார்ப்பதற்காக வைத்த `(UTC+00:00) Dublin, Edinburgh, Lisbon, London` என்ற நீளமான பெயரையே சில கோப்புகள் TZID ஆகச் சுமந்து வரும். அதற்குள் ஒரு முக்காற்புள்ளி இருக்கிறது. நேரம் எங்கே தொடங்குகிறது என்று காட்டுவதும் முக்காற்புள்ளிதான். பெயரை மேற்கோள் குறிக்குள் வைக்க அனுப்பிய செயலி மறந்தால், படிக்கும் செயலி தவறான இடத்தில் வரியை வெட்டிவிடும்.

எதற்கு இந்தப் பெயர்களே, எல்லாவற்றையும் உலகப் பொது நேரத்தில் அனுப்பிவிடலாமே என்று தோன்றும். ஒரே ஒரு முறை நடக்கும் கூட்டத்துக்கு அது போதும். `20260708T090000Z` என்று எழுதினால் எந்தச் செயலியும் தவறாகப் படிக்க வழியில்லை. வாராவாரம் நடக்கும் கூட்டத்துக்கு அது உதவாது. லண்டன்காரருக்கு வருடம் முழுக்கக் காலை பத்து என்பதே கணக்கு. பொது நேரத்தில் அது கோடையில் ஒன்பது, குளிர்காலத்தில் பத்து. எந்த ஊரின் விதிப்படி மாற வேண்டும் என்பதைச் சொல்ல ஒரு மண்டலம் அவசியம்.

அழைப்பில் நேரம் பிசகியிருப்பது தெரிந்தால் உங்கள் காலண்டரில் அதை நகர்த்திச் சரிசெய்யாதீர்கள். ஏற்பாட்டாளர் கூட்டத்தை மாற்றி அடுத்த அழைப்பை அனுப்பும்போது பழைய தவறு திரும்ப வந்து உட்காரலாம். .ics கோப்பைத் திறந்து DTSTART வரியைப் பாருங்கள். அந்த ஒரு வரியையும் உங்கள் செயலி காட்டும் நேரத்தையும் சேர்த்துச் செயலியின் உதவிப் பிரிவுக்கு அனுப்பினால், "நேரம் தப்பாகக் காட்டுகிறது" என்ற புகாரைவிட வேகமாக வேலை நடக்கும். அதுவரை, வெளிநாட்டுக் கூட்டம் என்றால் சென்னை நேரம் எத்தனை மணி என்று அழைப்பின் குறிப்பிலேயே எழுதி அனுப்பச் சொல்லி ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்.