காகம் போன பிறகும் நிற்கும் வால்

வீடியோ கேமில் ஒரு காகம் வெளுத்த வானத்தைக் கடந்து பறக்கிறது. உற்றுப் பார்த்தால் அதன் பின்னால், சுவரில் கரிக்கட்டையை இழுத்துவிட்டதுபோல, மங்கலான கறுப்புத் தீற்றல் ஒன்று தெரியும். காகம் போய்விட்டது; வால் மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறது. கேம் எழுதுகிறவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘கோஸ்டிங்’. பேய் வேறெங்கிருந்தும் வரவில்லை, படத்தை அழகாக்கும் வேலையிலிருந்தே வருகிறது.

திரை சின்னச் சின்னச் சதுரப் பிக்சல்களால் ஆனது. அதனால் சாய்ந்த கோடுகள் படிக்கட்டு மாதிரி தெரியும். செட்டிங்ஸில் TAA என்று இருக்கிறதே, அது இந்தப் படிகளை மழுக்குகிறது. ஒவ்வொரு பிரேமிலும் கேமராவை ஒரு பிக்சலுக்கும் குறைவான தூரம் அசைத்துப் படம் வரைந்து, அதை முந்தைய படங்களோடு கலக்கிறது. கலவை பெரும்பாலும் புதியது பத்தில் ஒரு பங்கு, பழையது ஒன்பது பங்கு. பழைய குழம்பில் தினம் ஒரு கரண்டி புதுக்குழம்பு ஊற்றுவதுபோல. எதுவும் அசையாதவரை ருசி கூடிக்கொண்டே போகும்.

அசைந்தால்தான் சிக்கல். காகத்தின் நிறம் 30, வானத்தின் நிறம் 200 என்று வைத்துக்கொள்வோம். காகம் நகர்ந்ததும் அந்தப் பிக்சல் 200 ஆக வேண்டும். ஆனால் 200இல் ஒரு பங்கும் 30இல் ஒன்பது பங்கும் சேர்ந்தால் 47தான். அடுத்தடுத்த பிரேம்களில் பழைய காகம் கரைந்து பத்தில் ஒரு பங்காகக் குறைய ஏறக்குறைய 22 பிரேம்கள் பிடிக்கும். நொடிக்கு 60 பிரேம் ஓடும் கேமில் அது மூன்றில் ஒரு நொடிக்கும் சற்று அதிகம். கண்ணுக்கு அது தாராளம்.

முதல் மருந்து மோஷன் வெக்டர். இந்தப் பிக்சலில் இப்போது தெரியும் பொருள் சென்ற பிரேமில் எங்கே இருந்தது என்று ஒவ்வொரு பிக்சலுக்கும் கணக்கிட்டு வைப்பது. காகம் 12 பிக்சல் வலப்புறம் நகர்ந்திருந்தால், அதன் பழைய நிறத்தை 12 பிக்சல் இடப்புறம் போய் எடுத்துவர வேண்டும். இதனால் காகம் கலங்காமல் கூர்மையாகத் தெரியும்.

வால் மட்டும் போகாது. காகம் விட்டுப்போன இடத்தில் இப்போது இருப்பது வானம். வானம் அசையவில்லை, ஆகவே அதன் வெக்டர் சுழியம். அது சொன்னபடி அதே இடத்தில் பழைய படத்தைத் தேடினால் கிடைப்பது காகம்! வெக்டர் பொய் சொல்லவில்லை. சென்ற பிரேமில் அந்த வானத்துண்டு காகத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே எடுத்துவந்த பழைய நிறத்தை நம்பலாமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இப்போதைய படத்தில் அந்தப் பிக்சலையும் சுற்றியுள்ள எட்டையும் பார்க்கிறார்கள். ஒன்பதும் 190க்கும் 208க்கும் நடுவில் இருந்தால், 30 என்ற பழைய நிறத்துக்கு அங்கே வேலையே இல்லை. அதை 190க்கு இழுத்துவிட்டுக் கலந்தால் விடை 191. ஒரே பிரேமில் வால் காணாமல் போகிறது. இதுதான் கிளாம்பிங். அன்ரியல் என்ஜின் 4க்காக பிரையன் கேரிஸ் 2014 சிக்ராஃப் மாநாட்டில் விளக்கிய முறையின் நடுநாயகம் இதுதான். எனக்குப் பிடித்ததும் இதன் எளிமைதான்.

ஆனால் வானத்தின் குறுக்கே ஒரு கறுத்த கிளை இருந்தால்? ஒன்பதில் எட்டு 200, ஒன்று 40. எல்லை 40 முதல் 200 வரை விரிந்துவிடுகிறது. காகத்தின் 30, வெறும் 40 ஆகி உள்ளே நுழைந்துவிடும், கலந்தால் 56. பேய் கிளைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. மார்கோ சால்வி 2016இல் சொன்ன வழி, உச்சத்தையும் அடியையும் விட்டுவிட்டு ஒன்பதின் சராசரியையும் சிதறலையும் எடுப்பது. இங்கே சராசரி 182, திட்ட விலக்கம் 50. கீழ் எல்லை 132 ஆகிறது, கலந்த நிறம் 139. பேய் முழுக்கப் போகவில்லை, பாதிக்குமேல் வெளுத்துவிட்டது.

எல்லையை இன்னும் இறுக்கலாமே என்றால், அதற்கு விலை உண்டு. தூரத்து மின்கம்பி ஒரு பிக்சலைவிட மெல்லியது. கேமராவை அசைப்பதால் சில பிரேமில் அது படத்தில் விழும், சில பிரேமில் விழாது. விழாத பிரேமில் சுற்றிலும் வானம்தானே? பழைய படத்தில் பத்திரமாக இருந்த கம்பியையும் பேய் என்று நினைத்துத் துடைத்துவிடும். கம்பி மினுக்கத் தொடங்கும். பேயா, மினுக்கலா என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து எண்களைத் திருகித்தான் முடிவு செய்ய வேண்டும்.

புகை, கண்ணாடி போன்ற ஊடுருவித் தெரியும் பொருள்கள் பல கேம்களில் வெக்டரே எழுதுவதில்லை. வால் இன்னும் மிஞ்சியிருந்தால் முதலில் அங்கே தேடலாம். பாஸ் செய்துவிட்டுத் தேடினால் பெரும்பாலும் அகப்படாது. காட்சி நின்றாலும் கலவை ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் குனிந்து பார்ப்பதற்குள் வால் கரைந்துவிடும். வீடியோவாகப் பதிவு செய்து, பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்க்க வேண்டும்.