இரண்டில் எந்த வரியைத் திறந்தார்கள்?

போன் திரையில் வந்து விழும் நோட்டிஃபிகேஷனில் நம் கண்ணில் படுவது ஒரு தலைப்பும் ஒன்றிரண்டு வரிகளும்தான். அதைத் தொடுவதா, ஒதுக்கித் தள்ளுவதா என்று நொடியில் முடிவு செய்துவிடுகிறோம். அந்த வரியை எழுதுகிறவர்கள் அப்படி எளிதாக முடிவுக்கு வர முடியாது. எப்படி எழுதினால் ஜனங்கள் திறப்பார்கள் என்று அலுவலகத்தில் நான்கு பேரைக் கேட்டால் நான்கு பதில் வரும். அதனால் இரண்டு வாசகங்களை எழுதி, பயனாளர்களில் ஒரு பாதிக்கு ஒன்றையும் மறுபாதிக்கு மற்றதையும் அனுப்பி, எதை அதிகம் பேர் திறந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கிறார்கள். இதற்கு ஏ/பி டெஸ்ட் என்று பெயர். கூகுளின் ஃபயர்பேஸ் போன்ற கருவிகளில் இதற்கான வசதி தயாராகவே இருக்கிறது. அனுப்புவதில் சிரமம் இல்லை. வந்த எண்ணைப் படிப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

ஒரு பஸ் டிக்கெட் செயலியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. பொங்கலுக்கு முன் அனுப்ப இரண்டு வாசகங்கள் தயார். முதலாவது: ‘பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்துவிட்டீர்களா?’ இரண்டாவது: ‘உங்களுக்காக ஒரு முக்கியமான செய்தி காத்திருக்கிறது!’

முதலில் ஆட்களைப் பிரிக்க வேண்டும். சென்னைக்காரர்களுக்கு ஒன்று, மதுரைக்காரர்களுக்கு இன்னொன்று என்று பிரித்தால், பின்னால் தெரியும் வித்தியாசம் ஊரால் வந்ததா, வாசகத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது. இன்று ஒன்று, நாளை இன்னொன்று என்று அனுப்பினாலும் அதே சிக்கல்தான். ஞாயிறு மாலை போனைப் பார்ப்பதுபோல் திங்கள் காலை யாரும் பார்ப்பதில்லை. எனவே சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் கணினியை வைத்துப் பிரித்து, இரு பாதிக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். ஒன்றில் மட்டும் படம் வைப்பது, ஒன்றில் மட்டும் எமோஜி போடுவது கூடாது. வாசகத்தைச் சோதித்தால் வாசகம் மட்டுமே மாற வேண்டும்.

அனுப்பும் முன் இரண்டையும் ஒரு சாதாரண போனில் போட்டுப் பார்ப்பது அவசியம். பூட்டிய திரையில் நீளமான வரி பாதியில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளிகளோடு நின்றுவிடும். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருவதால் இந்தத் தொல்லை அதிகம். ‘ஜனவரி 13 இரவு சென்னையிலிருந்து மதுரை செல்லும் பேருந்தில்…’ என்று நின்றுபோனால், இடம் இருக்கிறதா இல்லையா என்ற முக்கியமான சேதியே கண்ணில் படாது. அப்படி ஒரு வரி தோற்றால், தோற்றது வாசகம் அல்ல, அதன் நீளம்.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். ஆளுக்கு ஒன்றாக, ஒவ்வொரு வாசகத்தையும் 500 பேருக்கு அனுப்பியதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாசகத்தை 20 பேரும் இரண்டாவதை 25 பேரும் திறந்தார்கள். ‘இரண்டாவது கால் பங்கு அதிகம் வாங்கியிருக்கிறது’ என்று கூட்டத்தில் யாராவது உற்சாகமாகச் சொல்வார்கள். ஆனால் இரு பாதிக்கும் ஒரே வாசகத்தை அனுப்பியிருந்தாலும், இந்த அளவோ இதைவிடப் பெரிதோ வித்தியாசம் வர ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. யார் அந்த நேரத்தில் பஸ்ஸில் இருந்தார், யார் போனைச் சார்ஜில் போட்டிருந்தார் என்பது போன்ற தற்செயல்களே ஐந்து பேரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும்.

இதைக் கையாலேயே சரிபார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. இரு பக்கமும் திறந்தவர்களைக் கூட்டி, அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள். இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் நம்பத் தொடங்கலாம். மேலே சொன்னதில் மொத்தம் 45. வர்க்கமூலம் சுமார் 6.7, இரு மடங்கு 13. வித்தியாசமோ வெறும் 5. முடிவு சொல்ல இது போதாது. இனி அதையே பக்கத்துக்கு 20,000 பேருக்கு அனுப்பி, 800 பேரும் 1,000 பேரும் திறந்தால்? மொத்தம் 1,800, வர்க்கமூலம் சுமார் 42, இரு மடங்கு 85. வித்தியாசம் 200. இது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. விகிதம் இரண்டிலும் 4க்கு 5தான். ஆள் எண்ணிக்கைதான் தீர்ப்பை மாற்றுகிறது. இரு பாதியும் சம அளவில் இருந்து, திறப்பவர்கள் நூற்றில் சிலராக இருக்கும்போது இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும்.

எத்தனை பேருக்கு அனுப்புவது, எத்தனை மணி நேரம் காத்திருப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்து, வித்தியாசம் எல்லையைத் தாண்டிய அந்தக் கணமே ‘ஜெயித்தாயிற்று’ என்று நிறுத்துகிறவர்கள் ஏமாந்து போவார்கள். கடைசியில் ஒரே ஒரு முறை பார்த்தால், வித்தியாசமே இல்லாத இடத்தில் இருப்பதாகத் தோன்றும் வாய்ப்பு நூற்றுக்கு 5. பத்து முறை பார்த்து, தாண்டிய முதல் தடவையே நிறுத்தினால் அது நூற்றுக்கு 19 ஆகிவிடும்.

நம் செயலியில் திறந்த எண்ணிக்கையின்படி ஜெயித்தது இரண்டாவது வாசகம். ஆனால் இங்கே நிறுத்தினால் பெரிய தவறு நடக்கும். அன்று முழுக்க அந்தந்தப் பாதியில் எத்தனை பேர் டிக்கெட் வாங்கினார்கள் என்று பார்க்கிறோம்: முதல் பாதியில் 204 பேர், இரண்டாம் பாதியில் 150 பேர். அதே கணக்கைப் போடுங்கள். மொத்தம் 354, வர்க்கமூலம் சுமார் 19, இரு மடங்கு 38. வித்தியாசம் 54. ஆக, குறைவாகத் திறக்கப்பட்ட வாசகம்தான் உண்மையில் டிக்கெட் விற்றிருக்கிறது. ‘முக்கியமான செய்தி’ என்றதும் என்னவோ ஏதோ என்று திறந்தவர்கள், டிக்கெட் விளம்பரம் என்று தெரிந்ததும் மூடிவிட்டார்கள். இதில் திறந்தவர்களை மட்டும் எடுத்து ஒப்பிடக்கூடாது. யாருக்கெல்லாம் அனுப்பினோமோ அவர்கள் அத்தனை பேரையும் கணக்கில் எடுக்க வேண்டும். முதல் வாசகத்தைப் படித்தவர்களில் சிலர் அதைத் தொடாமல், பிறகு செயலியை நேரே திறந்து டிக்கெட் வாங்கியிருப்பார்கள். ‘திறந்தவர்கள்’ பட்டியலில் அவர்கள் வரவே மாட்டார்கள்.

இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். அன்று எத்தனை பேர் அந்தச் செயலியின் நோட்டிஃபிகேஷனையே நிறுத்தினார்கள்? ஐபோனில் ஆரம்பம் முதலே பொதுவாக அனுமதி கேட்டுத்தான் அனுப்ப முடியும். ஆண்ட்ராய்டிலும் 2022இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து அதே நிலைதான். ஒருவர் ஒருமுறை மூடிவிட்டால் அவரைத் திரும்ப அழைப்பது கடினம். ஆசை காட்டித் திறக்க வைக்கும் வரி இன்று கூடுதலாக 200 பேரைத் திறக்க வைக்கலாம்; அடுத்த மாதம் எழுதும் நல்ல வரியைப் படிக்க அவர்களில் சிலர் இருக்க மாட்டார்கள்.

உங்கள் கடைக்கோ பள்ளிக்கோ சங்கத்துக்கோ ஒரு செயலி இருந்து, ‘இந்த வாசகம்தான் ஜெயித்தது’ என்று யாராவது சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். இரு பக்கமும் எத்தனை பேர்? எப்போது நிறுத்துவது என்று முன்பே முடிவு செய்தீர்களா? திறந்த பிறகு அவர்கள் என்ன செய்தார்கள்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அந்த வெற்றியை நம்பாதீர்கள்.