டிரை ஆன் செய்ய எந்தப் படம் சரிப்படும்?

இணையக் கடையில் ஒரு குர்தி பிடித்துப்போகிறது. பக்கத்திலேயே ‘டிரை ஆன்’ என்றொரு பொத்தான். நம் படம் ஒன்றைக் கொடுத்தால், அந்தக் குர்தியை நாமே போட்டுக்கொண்டு நிற்பதுபோல் காட்டுகிறது. கூகுள் 2023இல் அமெரிக்காவில் இந்த வசதியைக் கொண்டுவந்தபோது, வெவ்வேறு உடல்வாகுள்ள மாடல்களின் மேல்தான் உடையைப் போட்டுக் காட்டியது. வாடிக்கையாளர் தன் சொந்தப் படத்தையே ஏற்றிப் பார்க்கலாம் என்று 2025இல் அறிவித்தது. தலைவலி தொடங்கியது அங்கேதான். மாடல்களின் படங்களை ஸ்டுடியோவில் எடுத்திருந்தார்கள். நாம் கொடுப்பதோ, செல்போன் கேலரியில் கைக்கு அகப்பட்ட ஏதோ ஒரு படம்.

இந்த மென்பொருள் நம் படத்தின் மேல் உடையை ஒட்டுவதில்லை. முதலில் நாம் போட்டிருக்கும் உடையை அடையாளம் கண்டு, அந்த இடத்தையும் அதைச் சுற்றிச் சற்றே கூடுதலாகவும் அழித்துவிடுகிறது. தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால் என்று உடலின் மூட்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தனியாகக் குறித்துக்கொள்கிறது. பிறகு, கடையின் படத்திலுள்ள துணியைப் பார்த்து, அழித்த இடத்தைப் புதிதாக வரைகிறது. பழைய சுவர் விளம்பரத்தின் மேல் வெள்ளையடித்துவிட்டுப் புதிதாக எழுதுவார்களே, ஏறக்குறைய அந்த வேலை. வெள்ளையடித்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று ஓவியருக்கு இப்போது தெரியாது. அங்கே தெரிய வேண்டியது கையோ கழுத்தோ பின்னாலிருக்கும் சுவரோ, எதுவானாலும் அவர் ஊகித்துத்தான் வரைய வேண்டும். ஆகவே படம் எடுக்கும்போது நமக்கு ஒரே நோக்கம்தான்: அழிக்க வேண்டிய இடம் குறைவாக இருக்க வேண்டும், அதன் விளிம்பு தெளிவாக இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். கல்யாண மண்டபத்தில் எடுத்த படம் ஒன்று. படத்திலிருக்கும் பெண் முழுக்கை சுடிதார் போட்டிருக்கிறார். துப்பட்டா ஒரு தோளிலிருந்து முழங்கால் வரை தொங்குகிறது. பின்னல் மல்லிகைப்பூவோடு முன்பக்கம் விழுந்திருக்கிறது. ஒரு கையில் கைப்பை, இன்னொரு கை பக்கத்தில் நிற்கும் சித்தியின் தோள்மேல். பின்னால் மேடையின் சீரியல் லைட்டுகள். நல்ல படம், சிரித்த முகம். இதைக் கொடுத்து, வட்டக் கழுத்தும் அரைக்கையும் கொண்ட அரக்கு நிறக் குர்தி ஒன்றைப் போட்டுப் பார்க்கிறார்.

வந்த படத்தில் துப்பட்டாவின் பாதி மறைந்து, மீதி குர்தியின் பக்கவாட்டில் விளங்காத ஒரு பட்டையாக நிற்கிறது. துப்பட்டா உடையா, சால்வையா, கையில் பிடித்த பொருளா என்று மென்பொருளுக்குப் புரியவில்லை. எந்தப் பகுதியை உடை என்று முடிவுசெய்ததோ அதை மட்டும் அழித்திருக்கிறது. முழுக்கைக்குள் மறைந்திருந்த முன்கைகள் இப்போது வெளியே தெரிய வேண்டும். அவற்றை அது பார்த்ததே இல்லையாதலால், மச்சமும் தழும்பும் இல்லாத வழவழப்பான கைகளைப் போட்டுவிட்டது. பின்னல் விழுந்த இடத்தில் கழுத்துப் பட்டை அறுந்து நிற்கிறது. சித்தியின் புடவை பார்டரில் ஒரு துண்டு குர்தியின் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய டாப் புதியதைவிட நீளம் என்பதால், குர்தி முடியும் இடத்துக்குக் கீழே அதன் விளிம்பு எட்டிப் பார்க்கிறது. இதைப் பார்த்துவிட்டு அந்தக் குர்தி தனக்குப் பொருந்தாது என்று அவர் முடிவுகட்டினால், பழி வீணாகக் குர்தியின் மேல் விழும்.

இதற்கென்று எடுக்கும் படத்தில் என்ன உடுத்துவது என்பதுதான் முதலில் யோசிக்க வேண்டியது. பலரும் அதை யோசிப்பதேயில்லை. உடலோடு ஒட்டிய, ஒரே நிற டி-ஷர்ட்டும் லெக்கிங்ஸும் நல்லது. கை, நாம் வாங்க நினைக்கும் உடையின் கையைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். அரைக்கை போட்டவருக்கு முழுக்கை வரைவது எளிது, தெரிகிற கையைத் துணியால் மூடினால் போதும். முழுக்கை போட்டவருக்கு அரைக்கை வரைவதென்றால் இல்லாத கையை உண்டாக்க வேண்டும். நீளத்துக்கும் இதே கணக்குதான். அனார்கலி போன்ற அகலமான உடையோடு எடுத்த படத்தைக் கொடுத்தால், அழிக்கும் பரப்பும் அகலமாகிவிடுகிறது. அதை நிரப்பும் மும்முரத்தில், ஒடுக்கமாக இருக்க வேண்டிய குர்தியையும் மென்பொருள் விரித்துவிடக்கூடும். தலைமுடியைப் பின்னால் தள்ளிவிட்டு, இரண்டு தோள்களும் கழுத்தெலும்பும் தெரியும்படி நிற்க வேண்டும்.

அடுத்தது கைகள். இடுப்பில் கை வைப்பதும் கைகட்டி நிற்பதும் படத்துக்கு அழகுதான், இந்த வேலைக்கு ஆகாது. கை உடையின் மேலே கிடந்தால், கையை விட்டுவிட்டு அதன் அடியிலுள்ள துணியை மட்டும் அழிக்க வேண்டியிருக்கிறது. விரல்களுக்கு நடுவே அந்த விளிம்பு குழம்பும்போதுதான் ஆறு விரல் முளைக்கிறது. கைகளை உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டால் கையும் இடுப்பும் ஒரே திட்டாகிவிடும். கைக்கும் இடுப்புக்கும் நடுவே பின்னாலிருக்கும் சுவர் தெரியும் அளவுக்குக் கைகளைச் சற்று விலக்கி, கேமராவை நேராகப் பார்த்து நிற்பதே சரி. கால்களுக்கு நடுவிலும் கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும். இப்படி நின்றால் பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல் விறைப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்த மென்பொருள்கள் கற்றுக்கொண்டதே பெரும்பாலும் இத்தகைய படங்களிலிருந்துதான். இத்துறை ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் விட்டான்-ஹெச்டி என்ற தொகுப்பு 2021இல் வந்தது. அதில் 13,679 ஜோடிப் படங்கள். ஒவ்வொன்றிலும் முன்னால் பார்த்து நிற்கும் ஒரு பெண், அவர் போட்ட மேலாடை. பக்கவாட்டில் திரும்பியோ உட்கார்ந்தோ எடுத்த படம் அந்த வகை மென்பொருளுக்குப் புதிது.

பின்புலத்துக்கு வருவோம். பழைய உடை இருந்த இடத்தில் புதிய உடை வராவிட்டால், அங்கே சுவரை வரைந்தாக வேண்டும். வெறும் சுவரானால் தவறு வெளியே தெரியாது. ஜன்னல் கம்பி, கோடு போட்ட திரைச்சீலை, டைல்ஸ் இருந்தால் கோடுகள் இடுப்புக்குப் பக்கத்தில் வளைந்துபோகும். அப்படி வளைந்திருந்தால், அந்த இடத்தில் நம் உடம்பின் வடிவத்தையும் அது மாற்றியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். சுவரின் நிறம் உடையின் நிறத்திலிருந்தும் தோலின் நிறத்திலிருந்தும் வேறுபட வேண்டும். வெள்ளைச் சுவரின் முன் வெள்ளை டி-ஷர்ட்டோடு நின்றால் விளிம்பு கரைந்துவிடும். நம் வீடுகளில் காணும் கரும்பச்சை, ரோஸ் நிறச் சுவர்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒட்டி நின்றால் அந்த நிறம் தோலில் பிரதிபலிக்கும். ஓரிரு அடி முன்னால் தள்ளி நின்றால் அதுவும் குறையும், நிழலும் மங்கும். மாலை போட்ட தாத்தா படம், சினிமா போஸ்டர், கண்ணாடி எதுவும் சட்டகத்துக்குள் வரக் கூடாது. மனித முகமோ உருவமோ இன்னொன்று தெரிந்தால் மூட்டுகளைக் குறிக்கும்போது குழப்பம் வரலாம். கண்ணாடியைப் பார்த்து எடுக்கும் செல்ஃபியும் வேண்டாம். ஒரு கை செல்போனைப் பிடித்துக்கொண்டு மார்பை மறைக்கிறது.

எத்தனை மெகாபிக்ஸல் என்று கவலைப்படத் தேவையில்லை. விட்டான்-ஹெச்டி வகைப் படங்களில் பழகிய மென்பொருள்கள் எதைக் கொடுத்தாலும் சுமார் 768க்கு 1024 புள்ளிகளாகச் சுருக்கிக்கொள்கின்றன. அந்தச் சட்டகத்தை நாம் எவ்வளவு நிரப்புகிறோம் என்பதே முக்கியம். சட்டக உயரத்தில் பாதி மட்டும் நாம் இருந்தால், தலை முதல் கால் வரை 512 புள்ளிகள். தலையின் உயரம் உடலில் ஏழரையில் ஒரு பங்கு என்று வைத்தால், முகத்துக்குக் கிடைப்பது 70 புள்ளிகூட இல்லை. இப்போதுள்ள பல மென்பொருள்கள் அதையும் நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒன்றாகச் சுருக்கித்தான் வேலை செய்கின்றன. முகம் ‘யாரோ மாதிரி’ ஆகிவிடுவதும், துணியின் சின்னப் பூக்கள் கலங்குவதும் இதனால்தான்.

அதற்காகக் கேமராவைக் கிட்டே கொண்டுவரவும் கூடாது. கிட்டே இருப்பது பெருத்துக் காட்டும். தலைக்கு மேலிருந்து எடுத்தால் தோள் அகன்று கால் குட்டையாகும். செல்போனைச் செங்குத்தாக, தொப்புள் உயரத்தில் வைத்து, 3 மீட்டர், அதாவது சுமார் பத்தடி தள்ளி நின்று, 2x ஜூமில் எடுத்தால் 160 செ.மீ. உயரமுள்ளவர் சட்டகத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு உயரத்தை நிரப்புவார். யாரும் உதவிக்கு இல்லையென்றால் டைமர் இருக்கிறது. ஜன்னலைப் பார்த்து நின்றால் வெளிச்சம் முகத்தில் விழும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உடம்பு கறுத்துவிடும். மஞ்சள் பல்பு எரியும் அறை வேண்டாம். துணியின் நிறத்தை அறையின் வெளிச்சத்தோடு இசைத்து வரைவதால், சந்தன நிறம் கடுகு நிறமாகத் தெரியக்கூடும்.

இவ்வளவு செய்தும் புடவைக்கு இதை நான் நம்பமாட்டேன். 2022இல் வந்த டிரெஸ்கோட் என்ற பெரிய தொகுப்பிலும் மேலாடை, கீழாடை, கவுன் என்ற மூன்று வகைகளே உண்டு. தைக்காத ஐந்தரை மீட்டர் துணியைக் கொசுவம் வைத்துக் கட்டி முந்தானை விடுவது அவற்றில் எதிலும் அடங்காது. கடையின் படத்தில் புடவை மடித்து வைத்திருந்தால் கொசுவமும் முந்தானையும் முழுக்கக் கற்பனைதான். மாடல் கட்டியிருக்கும் படத்தைத் தேர்ந்தெடுத்தால் கொஞ்சம் தேறும். அப்போதும் பார்டரின் அகலம் இடுப்பில் ஒன்றும் காலடியில் ஒன்றுமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வந்த படத்தை எவ்வளவு நம்பலாம் என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அதே படம், அதே உடை, இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். பல மென்பொருள்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக வரைவதால், இரண்டிலும் ஒத்துப்போகும் பகுதிகள் பெரும்பாலும் கொடுத்த படங்களிலிருந்து வந்தவை, மாறிப்போனவை ஊகம். அந்த அரக்குக் குர்தியை டி-ஷர்ட் படத்தில் போட்டு இரண்டு முறை ஓட்டினால், கழுத்தும் கையும் ஒரே மாதிரி வந்து, நீளம் மட்டும் ஒரு தடவை முழங்காலிலும் மறு தடவை அதற்குக் கீழும் நிற்கக்கூடும். அதற்கு சென்டிமீட்டர் கணக்கு தெரியாது. நம் உயரத்தை நாம் சொல்லவில்லை, குர்தியின் நீளம் படத்தில் எழுதியிருக்கவும் இல்லை. மீடியம், எக்ஸ்எல் எதைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே படம்தான் வரும். விவரப் பட்டியலில் நீளம் 44 அங்குலம் என்றிருந்தால், டேப்பை எடுத்துக் கழுத்தோரத் தோளிலிருந்து கீழே பிடித்துப் பாருங்கள். 5 அடி 3 அங்குல உயரமுள்ளவருக்கு அது முழங்காலை நன்றாகத் தாண்டிக் கெண்டைக்காலில் போய் நிற்கும்.