எத்தனை அறைகள் தேவை?

ஓர் அலுவலகத்தில் ஒரே நாளில் ஐந்து கூட்டங்கள்: 9:00–10:30, 9:30–11:00, 10:30–12:00, 11:15–12:30, பிற்பகல் 2:00–3:00. எந்த நேரமெல்லாம் கூட்டம் நடக்கிறது, குறைந்தது எத்தனை அறைகள் வேண்டும் என்பவை இரண்டு தனிக் கேள்விகள். இரண்டுக்கும் முதல் வேலை, நேரப்படி வரிசைப்படுத்துவதுதான்.

முதல் கேள்விக்குக் கூட்டங்களைத் தொடங்கும் நேரப்படி அடுக்கி, ஒன்றன்மேல் ஒன்று படிபவற்றை இணைத்துக்கொண்டே போக வேண்டும். முதல் கூட்டம் 10:30க்கு முடியுமுன் 9:30க்கு அடுத்தது தொடங்கிவிடுகிறது. எனவே முடிவு 11:00க்கு நீள்கிறது. பிறகு 12:00, 12:30 என்று நீண்டு, 2:00 மணிக் கூட்டம் மட்டும் தனியாக நிற்கிறது. விடை: 9:00–12:30, 2:00–3:00. இணைக்கும்போது இரண்டு முடிவு நேரங்களில் பிந்தியதையே எடுக்க வேண்டும். 9:00–12:00 கூட்டத்துக்குள் 9:30–10:00 கூட்டம் ஒன்று அடங்கியிருந்தால், கடைசியாக வந்த முடிவை அப்படியே எழுதுகிறவர் பத்து மணிக்கே அறை காலி என்று சொல்லிவிடுவார். புதிதாக நிரல் எழுதுபவர்கள் அடிக்கடி சறுக்குவது இங்கேதான்.

அறைக் கணக்கில் எத்தனை ஜோடிகள் மோதுகின்றன என்று எண்ணுவது உதவாது. நாள் முழுக்க நடக்கும் ஒரு கூட்டம், அடுத்தடுத்து வரும் மூன்று சிறு கூட்டங்களோடு மோதினாலும் இரண்டு அறைகளே போதும். எண்ண வேண்டியது, ஒரே கணத்தில் நடப்பவற்றை.

அதற்குக் கூட்டங்களைத் தொடக்கம், முடிவு என்று இரண்டு நிகழ்வுகளாகப் பிரித்து, எல்லாவற்றையும் ஒரே நேர வரிசையில் வைக்கிறார்கள். தொடக்கம் வந்தால் ஒன்று கூட்டல், முடிவு வந்தால் ஒன்று கழித்தல். 9:00க்கு எண்ணிக்கை 1, 9:30க்கு 2, 10:30க்கு ஒன்று முடிந்து 1 ஆகி, இன்னொன்று தொடங்கி மறுபடி 2, 11:00க்கு 1, 11:15க்கு 2, 12:00க்கு 1, 12:30க்கு 0. பிற்பகலில் 1க்கு மேல் போவதில்லை. உச்சம் 2, தேவையும் இரண்டு அறைகள்.

அந்த உச்ச நேரத்தில் இரண்டு கூட்டங்கள் சேர்ந்தே நடப்பதால் ஓர் அறை பற்றாது. இரண்டு அறைகள் இருந்தால் எந்தக் கூட்டம் தொடங்கும்போதும், அதற்கு முன்பிருந்தே நடந்துகொண்டிருப்பது ஒன்றுக்கு மேல் இருக்காது. ஆகவே ஓர் அறை நிச்சயம் காலியாக இருக்கும்.

எல்லாம் 10:30 போன்ற இடத்தில்தான் தடுமாறும். அங்கே தொடக்கத்தை முதலில் எண்ணினால் எண்ணிக்கை 3 ஆகி, தேவையில்லாத மூன்றாவது அறை கணக்கில் ஏறும். ஒரே நேரம் வந்தால் முடிவை முன்னால் வைக்க வேண்டும்; முடிவை −1, தொடக்கத்தை +1 என்று குறித்து எண் வரிசையில் அடுக்கினால் இது தானாக அமைந்துவிடும். அறையைக் கூட்ட இடையில் பத்து நிமிடம் வேண்டுமென்றால், முடிவு நேரங்களோடு பத்து நிமிடத்தைச் சேர்த்த பிறகு அடுக்கினால் போதும்.

அறைகளெல்லாம் ஒரே அளவு என்று கொள்ளும் வரைதான் இந்தக் கணக்கு செல்லும். நாற்பது பேர் அமரும் கூடம் ஒன்றே இருந்து, இரண்டு பெரிய கூட்டங்கள் மோதினால், உச்ச எண்ணிக்கை அதைக் காட்டாது.