தேர்வு நுழைவுச்சீட்டின் ஒளிப்படத்திலிருந்து தரவுகளைப் பிரித்தெடுத்தல்: தமிழ் எழுத்தும் தொடரமைப்பும் எழுப்பும் சிக்கல்கள்

ஆய்வுச் சுருக்கம்

போட்டித் தேர்வு எழுதுவோருக்கு வழங்கப்படும் நுழைவுச்சீட்டின் ஒளிப்படத்தைக் கணினி வழியாகப் படித்து, தேர்வர் பெயர், தேர்வுக்கூடம், வருகை நேரம், அறிவுரைகள் ஆகியவற்றைத் தனித்தனிப் புலங்களாகப் பிரிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழின் எழுத்து வடிவம், வேற்றுமை உருபுகள், எதிர்மறை வினை தொடரின் இறுதியில் அமைதல், புணர்ச்சி ஆகியவை இப்பணியில் எவ்வாறு பிழைக்குக் காரணமாகின்றன என்பதும், அவையே பிழையைக் கண்டறிய எவ்வாறு துணைபுரிகின்றன என்பதும் சமயபுரத்தைக் களமாகக் கொண்ட ஒரு மாதிரிச் சீட்டின்வழி ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நுழைவுச்சீட்டு, எழுத்துணரி, ஒருங்குறி, புணர்ச்சி, எதிர்மறை வினை.

முன்னுரை

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வுகளுக்கான நுழைவுச்சீட்டைத் தேர்வர்கள் இணையத்திலிருந்து பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்கின்றனர். அச்சிட்ட தாளைக் கைபேசியில் படமெடுத்துக் குடும்பத்தாருக்கும் பயிற்சி மையத்தாருக்கும் அனுப்புவது இயல்பாகிவிட்டது. அப்படத்தில் உள்ளவற்றைக் கணினி பிரித்துத் தருமாயின், பலருடைய சீட்டுகளை ஒருங்கே வைத்து, யார், எங்கே, எத்தனை மணிக்குச் செல்லவேண்டும் என்று பட்டியலிட இயலும். ஆனால் இங்கு நேரும் ஒரே ஓர் எழுத்துப் பிழை ஒருவரைத் தவறான ஊருக்கு அனுப்பிவிடக்கூடும். ஓர் அறிவுரையை அதன் நேரெதிர்ப் பொருளில் உணர்த்திவிடவும் கூடும். எனவே எழுத்துகளைப் படிப்பதோடு, படித்தது சரிதானா என்று சோதிப்பதும் இப்பணியின் பகுதியாகிறது.

இங்கு எடுத்துக்கொள்ளப்படும் சீட்டு, விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட மாதிரி. அதில் தேர்வர் பெயர் 'ச. கௌதமி' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ளது. அவர் முகவரி திருவரங்கம், 620006. தேர்வு மையம் திருச்சிராப்பள்ளி. தேர்வுக்கூடம் சமயபுரத்தில் உள்ள ஒரு பள்ளி, 621112.

படத்தின் தரமும் எழுத்தின் அளவும்

டெசராக்ட் என்னும் எழுத்துணரி 2005ஆம் ஆண்டு திறந்த மூல மென்பொருளாக வெளியிடப்பட்டது. தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் உரிய பயிற்சித் தரவுகளை ஒருசேரப் பயன்படுத்தி அதனைப் பின்வருமாறு இயக்கலாம்:

```
tesseract card.png out -l tam+eng --psm 4 tsv
```

இக்கட்டளையின் விளைவாகக் கிடைக்கும் கோப்பில் ஒவ்வொரு சொல்லும், அது தாளில் அமைந்த இடம், அதன் நம்பக மதிப்பு ஆகியவற்றோடு பதிவாகும். இடம் தெரிவதால், 'தேர்வர் பெயர்' என்னும் தலைப்புச் சொல்லுக்கு நேர் வலப்புறம் உள்ளதே பெயர் என்று கணிக்க இயலுகிறது.

எழுத்துணரி நன்கு செயற்பட ஓர் அங்குலத்திற்கு ஏறத்தாழ 300 படப்புள்ளிகள் தேவை. ஏ4 தாளின் நீளம் 11.7 அங்குலம். செய்திச் செயலி வழியாக வந்து சுருங்கிய படத்தின் நீளம் 1600 படப்புள்ளிகள் எனக் கொண்டால், அங்குலத்திற்கு 137 படப்புள்ளிகளே கிடைக்கின்றன. அந்நிலையில் 10 அளவு எழுத்தின் மொத்த உயரம் 19 படப்புள்ளி. அதன்மேல் வைக்கப்பட்ட மெய்ப்புள்ளியோ இரண்டு மூன்று படப்புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். தாளின் மடிப்பும் நிழலும் அதனை எளிதில் மறைத்துவிடும். ஆங்கில எழுத்துகள் தெளிவாகப் படிக்கப்படும் அதே படத்தில் தமிழ் மெய்கள் உயிர்மெய்களாக மாறிவருவதற்கு இதுவே காரணம். சுருக்கப்படாத மூலப் படத்தைப் பெறுவதே இதற்குச் சிறந்த தீர்வு. சிறிய படத்தைச் செயற்கையாகப் பெரிதாக்கினாலும் இழந்த புள்ளி மீளாது.

தேர்வர் பெயர்

மாதிரிச் சீட்டின் பெயரை எழுத்துணரி 'கெளதமி' என்று தருவதாகக் கொள்வோம். கண்ணுக்கு இது 'கௌதமி' என்பதிலிருந்து வேறுபடுவதில்லை. ஆனால் ஒருங்குறியில் ஔகாரக் குறி U+0BCC என்னும் ஒரே குறியீடு; எழுத்துணரி தந்ததோ ஒற்றைக்கொம்பும் (U+0BC6) ளகரமும் (U+0BB3) ஆகிய இரண்டு குறியீடுகள். பெயர்ப்பட்டியலில் தேடும்போது இவ்விரண்டும் வெவ்வேறு பெயர்களாகவே கருதப்படும்.

```
import unicodedata
s = unicodedata.normalize("NFC", s)
```

இந்த இயல்பாக்கம் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியே வந்தால் ஒகரக் குறியாக இணைத்துவிடும். ஆனால் ளகரத்தை ஔகாரத்தின் பகுதியாக அது கருதாது. ஏனெனில் ளகரம் தன்னளவில் ஒரு முழு எழுத்து. எனவே தனி விதி ஒன்று தேவைப்படுகிறது. 'தெளிவு', 'தெள்ளிய' என்னும் சொற்களில் ளகரம் உயிர்க்குறியையோ புள்ளியையோ ஏற்று வருகிறது. எகரக் குறியை அடுத்து வெறும் ளகரம் வந்து, பிறிதொரு எழுத்துத் தொடருமாயின், அது ஔகாரமாக இருக்கவே வாய்ப்பு மிகுதி.

வாய்ப்பு மிகுதி என்பது உறுதி ஆகாது. உறுதிப்படுத்தச் சீட்டிலுள்ள ஆங்கில வடிவம் உதவும். அங்கு பெயர் `GOWTHAMI S` என்று இருக்குமானால், முதலசை ஔகாரம் என்பது விளங்கும். தலைப்பெழுத்தையும் இவ்வாறே ஒப்பிடலாம். தமிழில் அது பெயருக்கு முன்னும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் பின்னும் வருவதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மையமும் கூடமும்

தேர்வாணையத்தின் வழக்கில் 'தேர்வு மையம்' என்பது விண்ணப்பத்தில் தேர்வர் தெரிவுசெய்த நகரைக் குறிக்கும். 'தேர்வுக்கூடம்' என்பது அவர் நேரில் செல்லவேண்டிய கட்டடம். மாதிரிச் சீட்டில் மையம் திருச்சிராப்பள்ளி. கூடமோ அந்நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், கொள்ளிடத்திற்கு வடக்கே, சென்னை நெடுஞ்சாலையை ஒட்டிய சமயபுரத்தில் உள்ளது. 'மையம்' என்னும் ஒரே புலத்தில் 'திருச்சிராப்பள்ளி' என்று பதிந்து நிறுத்திவிட்டால், படித்த எழுத்து சரியாக இருந்தும் பயன் தவறிவிடுகிறது. ஆகவே இரண்டிற்கும் தனிப் புலங்கள் இருத்தல் வேண்டும்.

மேலும், 'திருச்சிராப்பள்ளி' என்னும் சொல் தேர்வரின் முகவரியிலும், கூடத்தின் முகவரியில் மாவட்டப் பெயராகவும் வருகிறது. சொல்லைக் கொண்டு மட்டும் இவற்றைப் பிரிக்க இயலாது. இங்கு அஞ்சல் குறியீட்டெண் சிறந்த சான்றாகிறது. திருவரங்கத்தின் எண் 620006. சமயபுரத்தின் எண் 621112. எழுத்துணரி '620112' என்று தந்தால், ஊர்ப்பெயரும் எண்ணும் பொருந்தாமை உடனே வெளிப்படும். ஊர்ப்பெயரிலும் ஒரு நுட்பம் உண்டு: சமயபுரத்தை உள்ளடக்கிய பேரூராட்சியின் பெயர் எஸ். கண்ணனூர். முகவரியில் இப்பெயர் வந்தால் வேறு ஊர் எனக் கொள்ளாதிருக்க, மாற்றுப்பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்திருத்தல் நலம்.

வருகை நேரம்

நுழைவுச்சீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட நேரங்கள் இடம்பெறும். தேர்வாணையத்தின் முற்பகல் தேர்வுகளில் அண்மை ஆண்டுகளில் 8.30 மணிக்கு வருகை, 9.00 மணிக்கு வாயில் அடைப்பு, 9.30 மணிக்குத் தேர்வுத் தொடக்கம் என்பது வழக்கமாகவுள்ளது. மருத்துவப் படிப்பிற்கான நீட் தேர்வுச் சீட்டிலும் வருகை நேரம், 1.30 மணி வாயிலடைப்பு, 2.00 மணித் தொடக்கம் ஆகியவை தனித்தனியே தரப்படுகின்றன. படத்தில் முதலில் தென்படும் நேரத்தை வருகை நேரம் என எடுத்துக்கொள்வது பிழைக்கு வழி.

எந்த நேரம் எதற்குரியது என்பதைத் தமிழில் உருபுகளும் அவற்றைத் தொடரும் சொற்களுமே காட்டுகின்றன. '8.30 மணிக்குள்' என்பது வருகை எல்லை. '9.00 மணிக்குப் பின்னர்' என்பதைத் தொடர்ந்து எதிர்மறை வினை வந்தால் அது வாயிலடைப்பு. '9.30 மணி முதல் 12.30 மணி வரை' என்பது தேர்வுக் காலம். ஆங்கிலத்தில் முற்பகற் குறி எண்ணுக்குப் பின் நிற்க, தமிழில் 'காலை', 'முற்பகல்' என்பன எண்ணுக்கு முன் நிற்பதால், தேடும் விதி இருபுறமும் நோக்க வேண்டும்.

படித்த நேரங்கள் வருகை, அடைப்பு, தொடக்கம் என்னும் வரிசையில் ஏறுமுகமாக உள்ளனவா என்று சோதிக்க வேண்டும். 8.30 என்பது 9.30 எனப் படிக்கப்பட்டால் வரிசை குலைந்து பிழை தெரியும். 3.30 எனப் படிக்கப்பட்டாலோ வரிசை குலைவதில்லை. ஆதலால் வருகைக்கும் தொடக்கத்திற்கும் இடைவெளி ஓரிரு மணி நேரத்திற்கு மிகாமை என்னும் இரண்டாம் சோதனையும் தேவை. நீண்ட சோதனை நடைமுறை கொண்ட தேர்வுகளில் இடைவெளி கூடுதலாக இருக்கும் என்பதால், இந்த எல்லையைத் தேர்வுக்கேற்ப வகுத்துக்கொள்ள வேண்டும்.

அறிவுரைகள்

அறிவுரைப் பட்டியலே இப்பணியின் கடினமான பகுதி. வரிசை எண் கொண்டு தொடங்கும் வரியைப் புதிய அறிவுரையாகவும், எண்ணின்றி உள்தள்ளி வரும் வரியை முந்தையதன் தொடர்ச்சியாகவும் கொள்வது பொது முறை. மாதிரிச் சீட்டின் மூன்றாம் அறிவுரை இரண்டு வரிகளில் அமைகிறது: 'கைபேசி, கணக்கிடும் கருவி முதலியவற்றைத் தேர்வுக்கூடத்திற்குள் கொண்டுவரக்' என்பது முதல் வரி; 'கூடாது.' என்பது இரண்டாம் வரி.

தமிழ்த் தொடரில் முற்றுவினை இறுதியில் நிற்பதால், மறுப்பும் இறுதியிலேயே நிற்கிறது. ஒற்றைச் சொல்லாக நிற்கும் இரண்டாம் வரி மடிப்பில் மறைந்தால், எஞ்சுவது கொண்டுவருதலைப் பற்றிய தொடர் மட்டுமே. ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் பெரும்பாலும் தொடரின் முற்பகுதியிலேயே வந்துவிடுவதால் இத்தகைய இழப்பு அங்குக் குறைவு. 'அனுமதிக்கப்படுவர்', 'அனுமதிக்கப்படமாட்டார்' என்னும் இணையில் மறுப்பு ஒரே சொல்லின் ஈற்றில் அடங்கியிருப்பதால், வரி முனை வெட்டுப்பட்டாலே பொருள் மாறிவிடும்.

இந்த இழப்பைக் கண்டறிய இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ஒவ்வோர் அறிவுரையும் முற்றுவினையிலும் முற்றுப்புள்ளியிலும் முடிகிறதா என்று பார்ப்பது. இரண்டாவது புணர்ச்சி தரும் சான்று. 'கொண்டுவரக்' என்பதன் ஈற்றில் மிகுந்த ககர ஒற்று, அடுத்து வரவேண்டிய சொல் ககரத்தில் தொடங்குவது என்பதைக் காட்டுகிறது. மறைந்த சொல் 'வேண்டும்' ஆயின் அங்கு ஒற்று மிகாது. ஆனால் இச்சான்றைக் கொண்டு 'கூடாது' என்று கணினியே நிரப்பிவிடுதல் தகாது. முன்னர்க் கூறியவாறு புள்ளியே எளிதில் மறைவது. அன்றியும் ககரத்தில் தொடங்கும் சொற்கள் பல. சான்று, முழுமையின்மையை அறிவிக்கவே பயன்பட வேண்டும்:

```
{
  "name": "ச. கௌதமி",
  "centre": "திருச்சிராப்பள்ளி",
  "venue": "சமயபுரம் 621112",
  "reporting": "08:30",
  "gate_close": "09:00",
  "instructions": [
    {"no": 3, "text": "… கொண்டுவரக்",
     "complete": false}
  ]
}
```

சீட்டு இருமொழியில் அமைந்திருப்பின், ஆங்கிலப் பட்டியலின் மூன்றாம் எண்ணை அருகில் காட்டிப் படிப்பவரே முடிவுசெய்ய விடலாம்.

முடிவுரை

எழுத்துணரி தரும் நம்பக மதிப்பு, சொல்லின் வடிவம் எவ்வளவு தெளிவாகப் பொருந்தியது என்பதை மட்டுமே உணர்த்தும். 'திருச்சிராப்பள்ளி' என்பதை உயர்ந்த மதிப்புடன் படித்துவிட்டு, அதைத் தவறான புலத்தில் இடவும் கூடும். ஆகவே புலங்களுக்கு இடையிலான பொருத்தமே உண்மையான சோதனை: பெயருக்கு ஆங்கில வடிவம், கூடத்திற்கு அஞ்சல் எண், நேரத்திற்கு வரிசையும் இடைவெளியும், அறிவுரைக்கு முற்றுவினையும் ஒற்றும். சோதனையில் தேறாத புலம் வெறுமையாக விடப்பட்டு, படத்தின் அப்பகுதி மட்டும் தேர்வருக்குக் காட்டப்பட வேண்டும். கூடமும் வருகை நேரமும் சோதனையில் தேறினாலும், மூலச் சீட்டுடன் ஒருமுறை கண்ணால் ஒப்பிட்ட பின்னரே பட்டியலில் சேர்க்கப்படுதல் முறையாகும்.