பூச்சு மேஸ்திரிக்கு ஒரு ஒர்க் ஆர்டர்

“உள்பூச்சு, கூலி மட்டும், சதுர அடிக்கு முப்பது ரூபாய். திங்கட்கிழமை ஆளை இறக்கிடுறேன் சார்.” வீடு கட்டும் பொறியாளருக்கும் பூச்சு மேஸ்திரிக்கும் நடுவே பெரும்பாலும் இவ்வளவுதான் ஒப்பந்தம். வேலை ஓடும் வரை இதுவே போதும். வேலை பாதியில் நின்றாலோ, கடைசியில் அளவு நாடாவை இழுக்கும்போதோதான் இந்த வாக்கியத்துக்கு இருவரும் வேறுவேறு பொருள் வைத்திருந்தது தெரியவரும்.

தரைத்தளமும் மேலே இரண்டு மாடிகளும் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். உள்சுவர்ப் பூச்சு மொத்தம் 10,000 சதுர அடி: தரைத்தளத்திலும் முதல் மாடியிலும் 3,400 வீதம், இரண்டாம் மாடியில் 3,200. சிமெண்டும் மணலும் பொறியாளருடையவை. மேஸ்திரிக்குக் கூலி மட்டும். ரேட் ஊருக்கு ஊர் மாறும். நம் கணக்குக்கு முப்பதே இருக்கட்டும். மொத்தம் 3 லட்சம் ரூபாய். இந்த வேலைக்கு நான்கைந்து பக்கத்தில் ஓர் ஒர்க் ஆர்டர் போதும். பெரிய கம்பெனியின் இருபது பக்க ஆங்கிலப் படிவத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்கள் உண்டு. மேஸ்திரி படிக்காத தாள் தகராறு வந்தால் பொறியாளருக்கும் பெரிதாக உதவாது. தமிழில் எழுதி, ஒருமுறை உட்கார்ந்து வாசித்துக் காட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குவதே மேல்.

முதலில் எது வேலை என்பது. ‘உள்பூச்சு முழுவதும்’ என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். பரணின் மேலும் கீழும் சேர்த்தியா? படிக்கட்டின் அடிப்பக்கம்? ஜன்னல் சட்டத்தைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைப்பது யார்? குளியலறைச் சுவரில் டைல்ஸ் வரும் என்பதால் அங்கே சொரசொரப்பான பூச்சே வேண்டும். மழமழவென்று தேய்த்துவிட்டால் டைல்ஸ்காரர் வந்து கொத்த வேண்டியிருக்கும். தூண், பீம் ஆகியவற்றின் கான்கிரீட் முகத்தைப் பூச்சு பிடிப்பதற்காகக் கொத்திவிடுவது, கான்கிரீட்டும் செங்கலும் சேரும் கோட்டில் கோழிவலை அடிப்பது, மணல் சலிப்பது, கலவையை இரண்டாம் மாடிக்கு ஏற்றுவது, சாரம் கட்டுவது, பூசிய சுவருக்குத் தண்ணீர் விடுவது என ஒவ்வொன்றுக்கும் நேரே ‘மேஸ்திரி’ அல்லது ‘பொறியாளர்’ என்று எழுதிவிட வேண்டும். அதிகம் விட்டுப்போவது தண்ணீர் விடும் வேலைதான். மேஸ்திரி வாட்ச்மேன் செய்வார் என்றிருப்பார்; வாட்ச்மேன் மேஸ்திரி செய்வார் என்றிருப்பார். சுவர் வெடிப்பு விட்ட பிறகு இருவரும் சிமெண்டைக் குறை சொல்வார்கள்.

இன்னொரு சிக்கல் செங்கல் வேலையிலிருந்தே வருகிறது. உள்பூச்சுக்கு வழக்கமான கனம் 12 மில்லிமீட்டர். கட்டிய சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இல்லையென்றால், அதைப் பூச்சில் நேராக்க ஓரிடத்தில் 25, 30 மில்லிமீட்டர் கூடப் போகும். கலவை இரட்டிப்பாகும், ஒரே பூச்சில் நிற்காமல் தொங்கும், கொத்தனார் மறுநாளும் அதே சுவருக்கு வர வேண்டியிருக்கும். இந்தத் தவறு பூச்சு மேஸ்திரியுடையது அல்ல. அதனால் வேலை தொடங்கும் முன் இருவருமாக நூல் பிடித்துப் பார்த்து, 20 மில்லிமீட்டரைத் தாண்டும் சுவர்களைச் சாக்பீஸால் குறித்து, படம் எடுத்து, அவற்றுக்குத் தனி ரேட் எழுதிக்கொள்வது நியாயம். செய்யாவிட்டால், சிமெண்ட் ஏன் இவ்வளவு போனது என்று பொறியாளர் கேட்கும் நாளில் பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

அடுத்தது அளக்கும் விதம். கதவு, ஜன்னல் திறப்புகளைக் கழிப்பதா, வேண்டாமா? “ஓரமெல்லாம் பூசுறேனே, கழிக்கக் கூடாது” என்பார் மேஸ்திரி. “பூசாத இடத்துக்கு ஏன் காசு?” என்பார் வீட்டுக்காரர். இதற்கு ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தரநிலையின் 12ஆம் பகுதியில் விடை இருக்கிறது. அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவே கிடையாது. அரைக்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரை என்றால், சுவரின் இரண்டு பக்கமும் பூசியிருந்தாலும் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும். ஓரங்களைத் தனியாக அளக்கக் கூடாது. மூன்றையும் தாண்டினால் இரு பக்கமும் கழித்து, ஓரங்களை அளந்து சேர்க்க வேண்டும். நம் வீட்டில் அறைகளுக்கு இடையே 3க்கு 7 அடிக் கதவுகள் 12 இருக்கின்றன. ஒன்று 21 சதுர அடி, அதாவது இரண்டு சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. விதிப்படி 252 சதுர அடி கழியும். மேஸ்திரி வாதப்படி கழிவு ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் வாதப்படி 504. ரூபாயில் சொன்னால் இரண்டு வாதத்துக்கும் இடையே 15,120. ‘அளவு ஐ.எஸ். 1200 படி’ என்ற ஒரு வரியும் இந்தக் கதவுக் கணக்கை உதாரணமாகக் காட்டுவதும் போதும், அந்தச் சண்டை வராது.

இனிப் பணம். ஒர்க் ஆர்டர் எழுதும் பலர் இங்கேதான் மேஸ்திரியின் சனிக்கிழமையை மறக்கிறார்கள். பொறியாளருக்குத் தளம் முடிந்ததும் பில் போட்டால் போதும். மேஸ்திரியோ சனிக்கிழமை மாலை ஆட்களின் கையில் காசு வைத்தாக வேண்டும். நான்கு கொத்தனார், ஐந்து கையாள் என்று வைத்து, கொத்தனாருக்கு 1,100, கையாளுக்கு 800 என்றால் நாளுக்கு 8,400. ஆறு நாளுக்கு 50,400 ரூபாய். தளம் முடிந்த பிறகுதான் காசு என்றால் அவர் வட்டிக்கு வாங்குவார், அல்லது ஆட்களை வாரக்காசு தரும் வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டு இங்கே இருவரை மட்டும் நிறுத்திவைப்பார். மாறாக, கேட்டபோதெல்லாம் ‘செலவுக்கு’ என்று கொடுத்தால் வேலையைவிடப் பணம் முன்னே ஓடிவிடும். அதன்பின் மேஸ்திரி போனை எடுக்காமல் போவதில் வியப்பில்லை.

எனவே ஒவ்வொரு தளத்தின் தொகையையும் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். முதல் கட்டம், கான்கிரீட் கொத்தி, வலை அடித்து, சுவர் கழுவி, கனம் காட்டும் பொட்டுகள் வைத்து முடிப்பது: 15 சதவீதம். இரண்டாவது, மூலை, ஓரம் உட்படப் பூசி முடிப்பது: 60. மூன்றாவது, ஏழு நாள் தண்ணீர் விட்டு, சோதனையில் தேறி, கீழே சிந்திய கலவையை அள்ளிவிடுவது: 20. மீதி 5 சதவீதம் பிடித்தம். தரைத்தளத்தின் 1,02,000 ரூபாய் இப்படி 15,300, 61,200, 20,400, 5,100 என்று பிரியும். ‘50 சதவீத வேலை முடிந்ததும்’ என்று மட்டும் எழுதவே கூடாது. எது ஐம்பது என்பதில் இரண்டு பேர் ஒத்துப்போனதாக எனக்குத் தெரியாது.

முதல் வாரத்தைப் பார்ப்போம். ஆயத்த வேலை முழுவதும் முடிந்து, 1,200 சதுர அடி பூசியாகிவிட்டது. சனிக்கிழமை காலை இருவரும் அளக்கிறார்கள். முதல் கட்டத்துக்கு 15,300. பூசிய 1,200 சதுர அடியின் மதிப்பான 36,000இல் 60 சதவீதம் 21,600. ஆக 36,900. கூலிக்கோ 50,400 வேண்டும். இந்தப் பள்ளத்தை அடைக்கத்தான் முன்பணம்: 21,000 ரூபாய் கொடுத்து, தளத்துக்கு 7,000 வீதம் மூன்று பில்லில் கழித்துக்கொள்ளலாம். கூலி கொடுத்தது போக மேஸ்திரியிடம் 7,500 மிஞ்சும். அந்த வாரத்தோடு அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால்? முன்பணம் 21,000 வெளியே நிற்கிறது. பூசிய பரப்புக்குத் தராமல் வைத்திருக்கும் 25 சதவீதம் 9,000 கையில் இருக்கிறது. பொறியாளருக்கு ஆபத்து 12,000 ரூபாய். தாங்கக்கூடியதுதான். வாரம் ஏற ஏற அது குறையும்.

மூன்றாம் கட்டத்தின் சோதனையையும் தாளிலேயே எழுதிவிட வேண்டும். ஆறடி மட்டக்கோலைச் சுவரில் வைத்தால் எங்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. மூலைமட்டம் மூலையில் உட்கார வேண்டும். சிறு கட்டையால் சுவரைத் தட்டிப் போனால் எங்கும் ‘டொப்’ என்று வெற்றொலி கேட்கக் கூடாது. கேட்டால் அங்கே பூச்சு செங்கலைப் பிடிக்கவில்லை என்று பொருள். சுவரை நனைக்காமல் பூசியதும், தண்ணீர் ஊற்றி வெகுநேரம் ஆன கலவையை மறுபடி குழைத்துப் போட்டதும், தூசி கழுவாததும் இதற்கு வழக்கமான காரணங்கள். அந்த இடத்தைச் சதுரமாக வெட்டியெடுத்துத் திரும்பப் பூசுவது மேஸ்திரி செலவு என்று எழுதலாம். ஆனால் பூசிய பிறகு எலக்ட்ரீஷியன் காடி வெட்டி அதிர்ந்து விட்டுப்போனதை மேஸ்திரி தலையில் கட்டக் கூடாது. அதனால்தான் ‘குழாய் பதித்து முடித்த தளத்தை ஒப்படைப்பது பொறியாளர் பொறுப்பு, ஒப்படைத்த நாளிலிருந்தே நாள் கணக்கு’ என்ற வரி தேவைப்படுகிறது. நாள்காட்டித் தேதியை மட்டும் போட்டு, தாமதத்துக்கு நாளுக்கு ஆயிரம் அபராதம் என்று மிரட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மணல் லாரி இரண்டு நாள் வராதபோது அந்த வரி செத்துவிடும்.

சைட் விதிகள் பக்கத்தில் ‘பாதுகாப்பு முறைகளைப் பின்பற்ற வேண்டும்’ என்று எழுதுவது வீண். எதைச் செய்தால் வேலை நிறுத்தப்படும் என்பதை எழுத வேண்டும். மிக்சர், விளக்கு ஒயர்களைப் பிளக் இல்லாமல் நேரடியாகச் சாக்கெட்டில் செருகக் கூடாது. லிஃப்ட் குழியையும் தரைத் திறப்பையும் மூடாமல் அந்தத் தளத்தில் வேலை கிடையாது. கான்கிரீட் கொத்துபவர் கண்ணாடி போட வேண்டும். படிக்கட்டு ஓரத்துச் சாரத்தில் நிற்பவருக்கு பெல்ட். பதினெட்டு வயது நிரம்பாதவர் வேண்டாம். குடித்துவிட்டு வந்தவர் திரும்பிப் போக வேண்டும். மாடியிலிருந்து குப்பையை வீசக் கூடாது. ஹெல்மெட்டும் பெல்ட்டும் யார் வாங்குவது என்பதும் அங்கேயே இருக்கட்டும். பொறியாளர் வாங்கிக் கொடுத்தால் ஆட்கள் போடுவார்கள். மேஸ்திரி வாங்குவார் என்று எழுதினால் பெரும்பாலும் தாளோடு நின்றுவிடும். யாராவது விழுந்தால், ஆட்கள் மேஸ்திரியுடையவர்கள் என்று சொல்லிப் பொறியாளர் எளிதில் தப்ப முடியாது. இழப்பீட்டுக் கேள்வி அவர் வரைக்கும் வரும். தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டை யார் எடுப்பது, பிரீமியம் யாருடையது என்பதை வேலை தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும்.

அனுப்பும் விதம் எளிது. கையெழுத்திட்ட தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘படித்தேன், சம்மதம்’ என்று மேஸ்திரியின் பதிலை வாங்கிக்கொள்ளலாம். கூடுதல் வேலைக்கும் அதே வழி: வீட்டுக்காரம்மா வந்து ஒரு சுவர் அலமாரி கேட்டால், அன்றைக்கே அளவும் ரேட்டும் ஒரு செய்தியாகப் போக வேண்டும். வருமான வரிப் பிடித்தம் பொருந்தும் பொறியாளர் என்றால், தனிநபர் மேஸ்திரிக்கு அது 1 சதவீதம், மூன்று லட்சத்துக்கு 3,000 ரூபாய். பான் எண் தராவிட்டால் 20 சதவீதம். இதை முதல் பில்லில் சொன்னால் ஏமாற்றியதாக நினைப்பார். தாளில் சொன்னால் பேரத்தின்போதே சேர்த்துக் கேட்பார்.

பிடித்து வைத்த 5 சதவீதம் மூன்று தளத்துக்கும் சேர்த்து 15,000 ரூபாய். ‘வேலை திருப்தியாக முடிந்த பின்’ தருவதாக எழுதினால் அது திரும்ப வராத காசு என்று மேஸ்திரி முதல் நாளே முடிவு கட்டி, ரேட்டில் ஏற்றிவிடுவார். பெயிண்டர் முதல் கோட் பிரைமர் அடித்த மறுநாள் இருவருமாகச் சுவரைத் தட்டிப் பார்த்து, வெடிப்பு இருந்தால் சரிசெய்து, அன்றே பாதியைத் தருவது. மீதி 7,500ஐ கடைசித் தளம் முடிந்து மூன்றாம் மாதம் ஒரு குறிப்பிட்ட தேதியில், பெயிண்ட் வேலை முடிந்திருந்தாலும் முடியாவிட்டாலும் தந்துவிடுவது என்று எழுதினால், அந்தத் தேதிக்கு அவரே போன் செய்வார்.